டைல்ஸை உடைக்காமல் சரியான ஃப்ளஷ் பட்டன்

சுவருக்குள் பதித்த ஃப்ளஷ் டேங்கின் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் முதலில் கேட்பது "டைல்ஸ் உடைக்கணும்" என்பதுதான். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது. டேங்க் விரிசல் விட்டாலோ, கீழே கக்கூஸுக்குப் போகும் குழாய் இணைப்பு கசிந்தாலோதான் சுவரில் கை வைக்க வேண்டும். லீவர், தண்ணீர் நிரப்பும் வால்வு, தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு எல்லாமே பட்டன் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சன்னல் வழியாகக் கழன்று வருகிற மாதிரிதான் செய்கிறார்கள். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அம்மா வீட்டில் இதைச் செய்து பார்த்தபிறகு எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேரளா என்றால் எல்லோரும் மழையைத்தான் நினைப்பார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி பொள்ளாச்சிப் பக்கத்து நிலம் போலத்தான். மழை குறைவு, போர் தண்ணீர்தான் கதி. அந்தத் தண்ணீர் குழாய் முனையில், வாளி விளிம்பில், ஷவர் துளையில் எல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். அதே படிவுதான் கண்ணுக்குத் தெரியாத டேங்குக்குள்ளும் படிகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வாளியில் தண்ணீர் தூக்கி ஊற்ற முடியாது. பெரிய பட்டனை அமுக்கினால் உள்ளே போய் அப்படியே நின்றுவிடும், தண்ணீர் வராது. சின்னப் பட்டன் மட்டும் கொஞ்சம் வேலை செய்தது. பார்க்க வந்த பிளம்பர் பட்டனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலஞ்சு டைல்ஸ் எடுக்காம உள்ள கை போகாதுங்க அக்கா" என்றார். அந்த டைல்ஸ் இப்போது கடையில் கிடைக்காது. சரி, முதலில் திறந்து பார்த்துவிடுவோம் என்று தம்பியும் நானும் உட்கார்ந்தோம்.

பிளேட்டை எடுப்பதில்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். சில பிளேட்டுகளை அடிப்பக்கம் பிடித்து மேல் நோக்கித் தள்ளி முன்னால் இழுக்க வேண்டும். சிலவற்றில் அடியில் சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பிளேட் கீறும், கொக்கி உடையும். எங்களுடையது மேலே தள்ளியதும் வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதில் விரல் நீளத்துக்கு இரண்டு புஷ் ராடுகள். ராடுகளை உருவி, மூடியை எடுத்தால் டேங்கின் உள்பக்கம் தெரியும். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ராடும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் நீளம் வேறாக வைத்திருப்பார்கள்.

மூடியை எடுத்ததும் அடுத்த வேலை, உள்ளேயே மேல் மூலையில் இருக்கும் சின்ன வால்வைத் திருகித் தண்ணீரை நிறுத்துவது. பல டேங்குகளில் அது உள்ளேயே இருப்பது பிளம்பர்களுக்கே தெரிவதில்லை, மாடி டேங்கின் கேட் வால்வை அடைக்கச் சொல்வார்கள்.

இந்த அமைப்பு வேலை செய்யும் விதம் எளிது. பட்டன் ராடைத் தள்ளும், ராடு ஒரு லீவரின் ஒரு முனையைத் தள்ளும், லீவரின் மறுமுனை ஃப்ளஷ் வால்வின் தண்டைக் கொக்கி போட்டு மேலே தூக்கும். பெரிய பட்டனுக்கு ஒரு லீவர், சின்னதுக்கு ஒன்று. விரலால் லீவரை நேராகத் தள்ளிப் பார்த்தால் பட்டன் பக்கமா, வால்வு பக்கமா என்று அப்போதே தெரிந்துவிடும். எங்கள் பெரிய லீவர் விரலுக்கே அசையவில்லை. அது சுழலும் அச்சைச் சுற்றி உப்பு இறுகியிருந்தது. லீவர் இறுகியதால் அம்மா பலமாக அமுக்கியிருக்கிறார். அந்த அழுத்தத்தில் மறுமுனைக் கொக்கி தண்டிலிருந்து நழுவி வெளியே தொங்கியது. பட்டன் போன இடத்திலேயே நின்றதற்குக் காரணம் இறுகிய அச்சு, தண்ணீர் வராததற்குக் காரணம் நழுவிய கொக்கி. கொக்கியை மட்டும் மாட்டிவிட்டு மூடியிருந்தால் மறுபடியும் அதேதான் நடந்திருக்கும்.

லீவர் தாங்கியைக் கழற்றி, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தோம். நுரைத்து, படிவு உதிர்ந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் லீவர் தானாகவே விழுந்து ஆடியது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் உலோக ஸ்பிரிங்கையும் ரப்பரையும் அது கெடுக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் கிண்ணத்தோடு வந்து நின்றார். "ஒரு சொட்டு விடுடா, வழுக்கிட்டுப் போகும்." எண்ணெய் வால்வின் ரப்பரில் பட்டால் உப்பிப்போகும் என்று தம்பி சொன்னதும் கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டார். தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் சிலிகான் கிரீஸை அச்சில் லேசாகத் தடவினால் போதும்.

மாட்டும்போது ராடின் நீளத்தில் கவனம் வேண்டும். ராடு திருகி நீட்டவும் குறைக்கவும் வரும். பிளேட்டை மாட்டியபின் பட்டனுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ராடு நீளமாகிவிட்டால் பட்டனைத் தொடாமலே லீவர் அமுங்கி, வால்வு முழுதாக உட்காராமல் கக்கூஸுக்குள் மெல்லிய கோடாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குட்டையாகிவிட்டால் பட்டன் தொளதொளவென்று உள்ளே போகும், லீவரைத் தொடவே தொடாது. பட்டனில் உயிரில்லை என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இந்த ராடு நீளம்தான்.

முதல் ஃப்ளஷ் அருமையாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா அமுக்கினால் மறுபடியும் ஒன்றும் வரவில்லை. இந்த முறை பட்டன் சரியாகத்தான் போய் வந்தது. பிளேட்டைக் கழற்றி டார்ச் அடித்தால், டேங்கில் அடியில் மட்டும்தான் தண்ணீர். நிரப்பும் வால்விலிருந்து நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. இதை உறுதிசெய்ய எளிய வழி, சன்னல் வழியாகக் குவளையால் தண்ணீர் ஊற்றி நிரப்பி லீவரை அமுக்கிப் பார்ப்பது. ஃப்ளஷ் ஒழுங்காக வந்தால் பட்டனும் லீவரும் நல்லவை, நிரம்புவதில்தான் பிரச்சனை. வீட்டில் தண்ணீர் அழுத்தமே குறைவோ என்று சந்தேகம் வந்தால் பக்கத்திலிருக்கும் ஹெல்த் ஃபாசெட்டை அடித்துப் பாருங்கள். எங்களுக்கு அது கையைச் சுடும் வேகத்தில் அடித்தது. ஆக, குறை வால்வுக்குள்.

நிரப்பும் வால்வின் மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணய அளவில் ரப்பர் டயாஃப்ரம் இருக்கும். அதில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. தண்ணீர் அந்தத் துளை வழியே டயாஃப்ரத்தின் பின்பக்கம் நிறைந்து, அந்த அழுத்தத்தில்தான் டயாஃப்ரம் தண்ணீர் வரும் வாயை அடைக்கிறது. டேங்கில் தண்ணீர் குறைந்ததும் மிதவை இறங்கி, பின்பக்கத்திலிருக்கும் இன்னொரு துளையைத் திறக்கும். பின்பக்க அழுத்தம் வெளியேற, டயாஃப்ரம் விலகி தண்ணீர் பாயும். அதாவது, ஒரு துளை மூடுவதற்கு, ஒரு துளை திறப்பதற்கு. எது அடைத்திருக்கிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடும். டயாஃப்ரத்திலுள்ள ஊசித்துளை அடைத்தாலோ, ரப்பர் கிழிந்தாலோ, டேங்க் நிரம்பியபின்னும் தண்ணீர் நிற்காமல் வழிந்து கக்கூஸுக்குள் ஓடும். மிதவை திறக்கும் துளை அடைத்தால் பின்பக்க அழுத்தம் போக வழியில்லாமல் வால்வு பாதிதான் திறக்கும், டேங்க் மெல்ல மெல்ல நிரம்பும், இல்லை நிரம்பவே நிரம்பாது. எங்களுடையது இரண்டாவது வகை. வால்வுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலிருக்கும் சல்லடையையும் பார்த்தோம். அதிலும் மணலும் சுண்ணாம்புத் துகளும் இருந்தன, ஆனால் முழு அடைப்பு இல்லை.

மிதவை துளையில் வெள்ளையாய் ஒரு பொட்டு அடைத்திருந்தது. டூத் பிரஷ்ஷின் ஒற்றை நார் கொண்டு குத்தி, எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசினோம். இரும்பு ஊசியால் எந்தத் துளையையும் குடையாதீர்கள். ஊசித்துளை பெரிதாகிவிட்டால் பின்பக்கம் நிறைகிற வேகமும் காலியாகிற வேகமும் குழம்பி, அப்புறம் வால்வு திறக்க மறுக்கும். எங்கள் டயாஃப்ரமும் மாற்ற வேண்டியதாய் இருந்தது. கையில் வளைத்துப் பார்த்தால் ரப்பர் கெட்டியாகி, வாயில் உட்காரும் இடத்தில் வட்டமாய்ப் பள்ளம் விழுந்திருந்தது. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் முழு வால்வு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கோயம்புத்தூரில் ஒரு கடையில் பழைய துண்டைக் காட்டியதும், "இத மட்டும் எடுத்துக்குங்க, வால்வு எதுக்கு" என்று டயாஃப்ரத்தை மட்டும் கொடுத்தார் அந்த அண்ணன். கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டயாஃப்ரங்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தாது. மாட்டும்போது பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் வால்வு மூடாது.

இப்போது டேங்க் நிரம்பி, தண்ணீர் கிளிக் என்று நிற்கிறது. பெரிய பட்டனும் சின்னப் பட்டனும் விரல் எடுத்ததும் வெளியே வருகின்றன.

ராடே இல்லாத வகையும் உண்டு. என் சித்தப்பா வீட்டு மாடியில் இருப்பது காற்றில் வேலை செய்கிறது. பட்டனுக்குப் பின்னால் சின்ன ரப்பர்ப் பை, அதிலிருந்து மெல்லிய குழாய் ஃப்ளஷ் வால்வுக்குப் போகும். அமுக்கினால் காற்று போய் வால்வைத் தூக்கும். இதில் பட்டன் எந்த எதிர்ப்பும் இல்லாமல் மெத்தென்று போனால் குழாய் கழன்றிருக்கும், இல்லை ரப்பர் கிழிந்திருக்கும். முதலில் குழாய் முனைகளை இழுத்துப் பாருங்கள். கழலாமல் இருந்தால், பெரிய பட்டனின் குழாயையும் சின்னப் பட்டனின் குழாயையும் பட்டன் பக்கத்தில் இடம் மாற்றி மாட்டுங்கள். அப்போதும் பெரிய பட்டன்தான் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு பட்டனில். இம்முறை சின்னப் பட்டன் வேலை செய்யாமல் போனால் கோளாறு குழாயிலோ வால்விலோ. சித்தப்பா வீட்டில் பட்டனில்தான் கோளாறு. ரப்பர்ப் பையின் மடிப்பில் விரிசல் இருந்தது. பட்டன் தொகுப்பை மட்டும் மாற்றினோம், வால்வை வெளியே எடுக்கவே இல்லை.