ஒரே ஜாப் மூன்று முறை ஓடினால்? ஒரு டேட்டா இன்ஜினியர் இன்டர்வியூ

பெங்களூரில் மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் டிசைன் ரவுண்டு. கேள்வி இது: 400 கடைகள் இரவில் அன்றைய பில்களை சிஎஸ்வி கோப்பாக அனுப்புகின்றன. காலை 8 மணிக்குக் கணக்குப் பிரிவு விற்பனையைப் பார்க்க வேண்டும். எப்படிச் செய்வீர்கள்?

முந்தைய இன்டர்வியூவில் இதே மாதிரிக் கேள்விக்கு, வாயைத் திறந்ததும் காஃப்கா, ஸ்பார்க் என்று பெரிய டேட்டா கருவிகளாக அடுக்கினேன். "காஃப்கா எதற்கு?" என்றதும் முழித்தேன். அதனால் இம்முறை முதலில் அளவைக் கேட்டேன். கடைக்குச் சுமார் 300 பில்கள் என்றார் கேள்வி கேட்டவர். ஆக, இரவுக்கு 1,20,000 வரிகள். ஒரு சாதாரண போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தாங்கும். கோப்பு வருவதே இரவில் ஒருமுறைதான், பார்ப்பதும் காலையில் ஒருமுறைதான். எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே தடவையில் ஏற்றும் பேட்ச் போதும் என்றேன். மறுப்பு வரவில்லை.

அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. "ஜாப் பாதியில் விழுந்தது. திரும்ப ஓட்டுகிறீர்கள். விற்பனை இரட்டிப்பாகுமா?"

வெறும் `INSERT` என்றால் ஆகலாம். அதனால் வந்த கோப்பைத் தொடாமல் அப்படியே ஓரிடத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு தற்காலிக டேபிளுக்கு ஏற்றி, அங்கிருந்து கடை எண்ணையும் பில் எண்ணையும் சாவியாக வைத்து, ஏற்கெனவே இருக்கும் பில்லைத் திருத்தி, இல்லாததை மட்டும் சேர்க்கும் `MERGE` செய்வேன் என்றேன். எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான். "ஒரே பில் கோப்பில் இரண்டு தடவை இருந்தால்?" என்றார். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இலக்கு டேபிளில் உள்ள ஒரு வரிக்கு மூலத்திலிருந்து இரண்டு வரிகள் பொருந்தினால் போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நின்றுவிடும். முதலில் கடைசியாகத் திருத்திய வரியை மட்டும் எடுக்க வேண்டும்:

```sql
SELECT * FROM (
  SELECT *, row_number() OVER (
    PARTITION BY store_id, bill_id
    ORDER BY updated_at DESC) AS rn
  FROM staging_bills) x
WHERE rn = 1;
```

அடுத்தது மோசமான டேட்டா. தொகை காலி, தேதி தப்பு, இதெல்லாம் எளிது. அந்த வரிகளை, கோப்பின் பெயர், வரி எண், காரணம், மூல வரி ஆகியவற்றோடு ஒரு தனி டேபிளில் ஒதுக்கி, மற்றதை ஏற்றிவிடலாம். ஒரு கோப்பில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் கெட்டிருந்தால் கோப்பையே நிறுத்தி வைப்பேன் என்றேன். அந்த இரண்டு சதவீதம் நான் வைத்த அளவு. கணக்குப் பிரிவிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

உடனே ஒரு பொறி வைத்தார். ஒரு கடை ரூபாய்க்குப் பதில் பைசாவில் அனுப்பிவிட்டது. எல்லா வரிகளும் எண்தான், எதுவும் காலியில்லை, கோப்பின் கடைசியில் இருக்கும் மொத்தத் தொகையும் சரியாகப் பொருந்துகிறது. கண்டுபிடிப்பீர்களா?

கொஞ்ச நேரம் யோசித்தேன். வரி வரியாகப் பார்க்கும் எந்தச் சோதனையும் இதில் உதவாது. கோப்பின் மொத்தத் தொகையும் அதே தவறோடு வந்திருப்பதால் அதுவும் பொய் சொல்லும். அந்தக் கடையின் இதே கிழமை விற்பனையைக் கடந்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். தீபாவளிக்கு விற்பனை மூன்று மடங்கு ஆகலாம், நூறு மடங்கு ஆகாது. பத்து மடங்கைத் தாண்டினால் அந்தக் கடையை மட்டும் நிறுத்தி, மற்ற 399 கடைகளை ஏற்றுவேன். ரிப்போர்ட்டின் தலையில் "399/400 கடைகள்" என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விற்பனை குறைந்ததென்று நினைத்து யாராவது அலறுவார்கள்.

கடைசியில் கேள்வியையே மாற்றினார். "கடையில் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் சந்தேகமான ரிட்டர்னை 30 வினாடிக்குள் தடுக்கணும். இப்பவும் பேட்ச்தானா?" இல்லை. அதற்குக் கடையிலிருந்து ஒவ்வொரு நிகழ்வும் உடனே வர வேண்டும், அதாவது ஸ்ட்ரீமிங். ஆனால் காலைக் கணக்கு பேட்ச்சிலேயே இருக்கட்டும் என்றேன். கடையில் இணையம் துண்டித்தால் நிகழ்வு ஒரு மணி நேரம் தாமதமாக வரும், அனுப்பியதையே மறுபடியும் அனுப்பும். ஸ்ட்ரீமிலும் கடை எண்ணையும் பில் எண்ணையும் வைத்து இரட்டையை நீக்கத்தான் வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நேற்றைய பில் இன்றைக்குப் போய்விடும்; பில் போட்ட நேரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அதில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டேன், அவரே பிடித்தார். இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசியில் நேரம் வந்தால், இந்திய நேரம் நள்ளிரவிலிருந்து 5:30 வரை போட்ட பில்கள் முந்தைய நாளில் விழும். 24 மணி நேரக் கடைகளுக்கு இது பெரிய பிழை. "அதே தப்பை நாங்களும் செஞ்சிருக்கோம்" என்று தமிழில் சொன்னார். சேலத்துக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது.