மேடைக்கு முன் 20 நிமிடம்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் ஆழியாற்றுத் தண்ணீர் பற்றி ஒரு பொது விவாதம் ஏற்பாடு செய்தோம். ஆனைமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், சித்தூர்ப் பக்கத்து மலையாளி விவசாயி ஒருவர், ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர். ஒருங்கிணைக்க ஒரு கல்லூரி ஆசிரியை. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மேடையில்தான் முதல் அறிமுகம் என்றால் சரிவராது என்று பட்டது.

"சனிக்கிழமைக்கு முன் ஒரு தடவை போனில் பேசலாமா? எப்போது வசதி?" என்று எல்லோருக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டேன். கட்டைவிரல் படங்கள் வந்தன, நேரம் ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் வீணானது.

அப்புறம் ஆசிரியையை மட்டும் முதலில் அழைத்தேன். அவர் இல்லாமல் அந்த அழைப்புக்கே அர்த்தமில்லை. அவருக்கு ஒத்துவந்த இரண்டு நேரங்களை வாங்கிக்கொண்டு மற்ற மூவருக்கும் தனித்தனியாக எழுதினேன்: "வியாழன் இரவு 8 மணியா, வெள்ளி இரவு 8 மணியா? 20 நிமிடம்தான். யார் முதலில் பேசுவது, எத்தனை நிமிடம், எந்த மொழியில், இந்த மூன்றை மட்டும் முடிவு செய்வோம்."

ஆனைமலைக்காரர் உடனே கூப்பிட்டார். "என்ன பேசோணும்னு சொல்லிக் குடுக்கப் போறீங்களா தம்பி?" அந்தச் சந்தேகம் நியாயமானது. "இல்லைங்க ஐயா, உங்க கருத்துல நாங்க கை வைக்க மாட்டோம்" என்றேன். அதன்பிறகு மற்றவர்களுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பொறியாளர் எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே கேட்டார். ஆளுக்கு முதல் கேள்வியை மட்டும் கொடுப்பது என்று ஆசிரியை முடிவு செய்தார். எல்லாம் தெரிந்துவிட்டால் எழுதிவைத்துப் படிப்பார்கள், ஒன்றுமே தெரியாவிட்டால் தயங்குவார்கள்.

வியாழன் இரவு சேர்ந்தோம். ஆறாவது நிமிடமே விவாதம் கிளம்பிவிட்டது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும். அது சரியான பருவத்தில் வருகிறதா என்று சித்தூர்க்காரர் கேட்க, ஆனைமலைக்காரர் பதில் சொல்ல ஆரம்பித்தார். "இதே சூட்டோடு மேடையில பேசுங்க, இப்ப வேண்டாம்" என்று ஆசிரியை நிறுத்தினார். இங்கே கொட்டித் தீர்த்துவிட்டால் சனிக்கிழமை இருவரும் சொன்னதையே சோர்வாகச் சொல்வார்கள்.

அந்தச் சின்ன உரசலில் எங்களுக்கு வேறொன்று பிடிபட்டது. ஒருவர் டி.எம்.சி. கணக்கில் பேசினார், இன்னொருவர் விநாடிக்கு இத்தனை கனஅடி என்றார். கேட்பவர்களுக்கு இரண்டும் குழம்பும். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. என்பதை ஆரம்பத்திலேயே பொறியாளர் விளக்குவது என்று வைத்துக்கொண்டோம். மொழி விஷயமும் முடிந்தது: அவரவர் மொழியில் பேசலாம், கேள்வியை ஆசிரியை தமிழிலும் மலையாளத்திலும் கேட்பார்.

பாதியில் சித்தூர்க்காரருக்கு சிக்னல் போய்விட்டது. முடிவானதை ஐந்து வரியில் எல்லோருக்கும் அனுப்பினேன். அவருக்கு மட்டும் மறுநாள் காலை தனியாகப் போன் செய்து படித்துக் காட்டினேன். தொடக்கப் பேச்சு நாலு நிமிடம் போதாது, ஐந்து வேண்டும் என்றார். மூவருக்குமே ஐந்தாக்கினோம்.