பூச்சியக் கோட்டைத் தாண்டினால் என்ன? எம்ஏசிடியை எக்செல்லில் போட்டுப் பார்த்தேன்

வெள்ளவத்தையில் இருக்கும் மச்சான் ஒருத்தன் கொழும்புப் பங்குச் சந்தையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி விற்கிறான். அடிக்கடி வட்ஸ்அப்பில் சார்ட் ஒன்றை அனுப்பி, "அண்ணை, கட்டை சிவப்பாப் போச்சுது, வித்துப் போடட்டே?" என்று கேட்பான். விலையைப் பார்த்தால் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும். அசையாத விலைக்கு ஏன் சிவப்புக் கட்டை என்று பார்க்கத்தான், அந்தக் கட்டைகளை வரையும் எம்ஏசிடி என்ற குறிகாட்டியைக் கையாலேயே கணக்குப் போட்டேன்.

உண்மையான பங்கு விலையை எடுத்தால் அதில் எல்லாம் கலந்து கிடக்கும். அதனால் ஒரு கற்பனைப் பங்கை எடுத்தேன். நீண்ட காலமாக 100 ரூபாவில் அசையாமல் நின்ற பங்கு அது. ஒரே நாளில் 110க்கு ஏறி, 20 வர்த்தக நாட்கள் அங்கேயே நிற்கிறது. பிறகு 105க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. B2இல் 100, B3 முதல் B22 வரை 110, B23இலிருந்து 105. C2, D2 இரண்டிலும் 100, F2இல் 0. மூன்றாவது வரிசையில் இந்தச் சூத்திரங்களைப் போட்டுக் கீழே இழுத்துவிட வேண்டியதுதான்.

```
C3: =B3*2/13+C2*11/13
D3: =B3*2/27+D2*25/27
E3: =C3-D3
F3: =E3*0.2+F2*0.8
G3: =E3-F3
```

C என்பது 12 நாள் சராசரி, D என்பது 26 நாள் சராசரி. இரண்டுமே அண்மைய விலைக்குக் கூடுதல் எடை கொடுக்கும் ஈஎம்ஏ வகை. இன்றைய விலைக்கு 12 நாள் சராசரி சுமார் 15 வீதம் இடம் கொடுக்கும். 26 நாள் சராசரி ஏழரை வீதத்துக்கும் சற்றுக் குறைவாகவே கொடுக்கும். E, அதாவது எம்ஏசிடி கோடு, இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி. சதவீதமல்ல, ரூபா. F சிக்னல் கோடு. அந்த இடைவெளியையே 9 நாள் சராசரியாக்கியது. G ஹிஸ்டோகிராம்; எம்ஏசிடிக்கும் சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம். ஜெரால்ட் அப்பெல் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியதில் இரண்டு கோடுகள்தான் இருந்தன. கட்டைகளை 1986இல் தாமஸ் ஆஸ்ப்ரே சேர்த்தார். ஆகவே ஹிஸ்டோகிராமுக்கும் விலைக்கும் நடுவில் இரண்டு படி சராசரி நிற்கிறது.

விலை 110க்குத் தாவிய நாளில் எம்ஏசிடி 0.80 ஆகிறது. ஹிஸ்டோகிராம் நான்காம் நாளிலேயே 1.22 என்று உச்சத்தைத் தொட்டுவிட்டுச் சுருங்கத் தொடங்குகிறது. எம்ஏசிடி கோடு இன்னும் ஏறி, ஒன்பதாம் நாளில் 2.78 என்ற உச்சத்துக்கு வருகிறது. பதினைந்தாம் நாளில் கோடு 2.34, சிக்னல் 2.42. அன்றைக்கு ஹிஸ்டோகிராம் பூச்சியத்துக்குக் கீழே போகிறது. மச்சானின் சிவப்புக் கட்டை இதுதான்.

ஆனால் இந்தப் பதினைந்து நாளும் விலை 110ஐ விட்டு ஒரு சதம்கூட இறங்கவில்லை. ஏற்றம் நின்றுவிட்டது என்பதை மட்டுமே கட்டை சொல்கிறது. இறக்கம் தொடங்கிவிட்டது என்று அது சொல்லவே இல்லை. இங்கே இரண்டு பூச்சியங்கள் இருப்பதுதான் ஆரம்பத்தில் ஆளைக் குழப்புகிறது. ஹிஸ்டோகிராம் பூச்சியத்தைக் கடந்தால் எம்ஏசிடி கோடு சிக்னலை வெட்டியிருக்கிறது. எம்ஏசிடி கோடே பூச்சியத்தைக் கடந்தால் 12 நாள் சராசரி 26 நாள் சராசரியை வெட்டியிருக்கிறது. இரண்டும் சார்ட்டின் ஒரே பெட்டிக்குள், ஒரே நடுக்கோட்டில் வரையப்படுவதால் பார்க்கிறவனுக்கு ஒன்றுபோலத் தெரியும். பெட்டியை இப்படி வடிவமைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. விலை 110இலேயே நின்றால் எம்ஏசிடி தேய்ந்துகொண்டே போகும், ஆனால் பூச்சியத்துக்குக் கீழே ஒருநாளும் போகாது. 26 நாள் சராசரி 110ஐ நெருங்க நெருங்க, 12 நாள் சராசரி அதற்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கும்.

இனி இறக்கம். இருபதாம் நாள் முடிவில் C 109.65, D 107.85, எம்ஏசிடி 1.79. மறுநாள் விலை 105. ஹிஸ்டோகிராம் ஏற்கெனவே சிவப்பில்தான் இருக்கிறது, இப்போது இன்னும் ஆழமாகிறது. எம்ஏசிடி கோடு மட்டும் பொறுமையாக இறங்குகிறது. ஐந்தாம் நாளில் 0.07, ஆறாம் நாளில் −0.09. 105க்கு இறங்கிய ஆறாவது நாளில்தான் பூச்சியக் கோட்டை வெட்டுகிறது. ஏறிய 10 ரூபாவில் பாதி முதல் நாளே போய்விட்டது, கோடு ஆறுதலாக வந்து சொல்கிறது.

ஏறும்போது தாவிய நாளிலேயே பூச்சியத்துக்கு மேலே போன கோடு, இறங்கும்போது ஆறு நாள் எடுத்தது ஏன்? ஏறுவதற்கு முன் C, D இரண்டும் 100இல் ஒட்டியிருந்தன, ஒரு தட்டுத் தட்டினாலே பிரிந்துவிடும். இறங்கும்போது நடுவில் 1.79 ரூபா இடைவெளி இருந்தது. அது நிரம்பின பிறகே வெட்ட முடியும். ஒரு பூச்சிய வெட்டைப் பார்க்கும்போது நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்: வெட்டுக்கு முன் கோடு எவ்வளவு தூரத்தில் இருந்தது? தூரத்தில் இருந்து வந்து வெட்டினால், சில வாரப் போக்கு உண்மையிலேயே திரும்பியிருக்கிறது. செய்தி பிந்தியது, ஆனால் கனமானது. பூச்சியத்தை உரசிக்கொண்டே இருந்த கோடு வெட்டினால் அதில் செய்தி ஒன்றுமில்லை.

இரண்டாவது வகைதான் நம் சந்தையின் மலிவு விலைப் பங்குகளில் அதிகம். 8.00 ரூபாவில் கிடக்கும் பங்கு ஒன்று 8.10க்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 10 ரூபா தாவலில் எம்ஏசிடி அதிகபட்சம் 2.78 போனது, எனவே 10 சதத் தாவலில் அது 3 சதத்தைக்கூட எட்டாது. ஆனால் சார்ட் மென்பொருள் பெட்டியின் உயரத்துக்கு ஏற்பப் படத்தை இழுத்துக் காட்டும். 3 சதமும் மலைபோலத் தெரியும், பச்சை பச்சையாகக் கட்டைகள் எழும்பும். பெட்டியின் வலப்பக்கம் இருக்கும் எண்களை வாசித்தால் மட்டுமே மலையின் உண்மையான உயரம் தெரியும்.

அந்த 10 சதம் என்பது 1.25 வீதம். கொழும்பில் 10 கோடி ரூபாவுக்கு உட்பட்ட பரிவர்த்தனைக்குத் தரகுக் கூலி, வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது மறுபடி 1.12 வீதம். 8 ரூபாப் பங்கில் போய்வர ஏறக்குறைய 18 சதம். வெட்டுக்கு வாங்கி வெட்டுக்கு விற்றால், 10 சத ஏற்றம் முழுவதும் கையில் கிடைத்தாலும் 8 சதம் கைநட்டம். அப்படிப்பட்ட பங்குக்குச் சில நாட்களில் ஒரு கொடுக்கல் வாங்கலும் நடக்காமல் பழைய முடிவு விலையே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். சராசரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடுத்த சின்னத் தட்டிலேயே கோடு பூச்சியத்தை மறுபடி வெட்டும்.

மச்சானுக்கு அந்த எக்செல் கோப்பை அனுப்பியாயிற்று. "B23இல் 105க்குப் பதிலா 109 போட்டு இழுத்துப் பார்" என்றேன். போட்டுவிட்டு, "இப்ப கோடு பூச்சியத்தை வெட்டவே இல்லையே அண்ணை" என்றான். 109க்கு இறங்கிய பிறகும் ஹிஸ்டோகிராம் அவனுக்கு முழுக்கச் சிவப்பாகவே தெரிந்ததாம்.