பழைய எண் தொழிலுக்கு, புதிய எண் வீட்டுக்கு: ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப்

திருப்பூரில் சிறு பனியன் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து தருவது என் தொழில். ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் பில்கள், வங்கி அறிக்கைகள், பான் அட்டைப் படங்கள் எனக் கட்சிக்காரர்கள் அனுப்புவதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வந்து சேரும். உறவினர்களின் குழுக்களும் பிள்ளைகளின் பள்ளிக் குழுவும் அதே எண்ணில்தான் இருந்தன. கட்சிக்காரர் ஒருவரின் பான் அட்டை என் வீட்டார் எடுத்துப் பார்க்கும் கேலரியில் திருமணப் படங்களுக்கு நடுவே கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரட்டை சிம் வசதியுள்ள ஆண்ட்ராய்டு போன் கையில் இருந்ததால், இன்னொரு போன் வாங்காமல் இரண்டு எண்களுக்கும் தனித்தனி வாட்ஸ்அப் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். அதை எந்த வரிசையில் செய்தேன், ஏன் அந்த வரிசை என்பதை எழுதி வைப்பது, இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பல போன்களில் இருக்கும் செயலி நகல் வசதி. சாம்சங்கில் இதன் பெயர் Dual Messenger, ஷாவ்மியில் Dual apps. இது போனுக்குள் இன்னொரு பயனரை மறைவாக உருவாக்கி, வாட்ஸ்அப்பின் நகலை அங்கே நிறுவுகிறது. அந்த நகலின் கோப்புகள் தனிச் சேமிப்பிடத்தில் கிடப்பதால், நாளை போனை மாற்றும்போது அவற்றை எடுத்துச் செல்வது கடினம்; நகலிலிருந்து கூகுள் கணக்குக்குக் காப்புப் பிரதி எடுப்பதும் எல்லாப் போன்களிலும் ஒழுங்காக நடப்பதில்லை. தொழில் ஆவணங்களை அப்படிப்பட்ட இடத்தில் வைக்க எனக்கு மனமில்லை. இரண்டாவது, 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வசதி: ஒரே வாட்ஸ்அப் செயலிக்குள் இன்னொரு கணக்கைச் சேர்த்து, வேண்டும்போது மாறிக்கொள்ளலாம். இது நல்ல வழிதான், ஆனாலும் இரண்டும் ஒரே செயலி என்பதால், ஞாயிற்றுக்கிழமை தொழில் பக்கத்தை மட்டும் போனின் Focus mode மூலம் நிறுத்தி வைக்க முடியாது. மூன்றாவது, வாட்ஸ்அப் பிசினஸ். இது வாட்ஸ்அப் நிறுவனமே இலவசமாகத் தரும் வேறொரு செயலி என்பதால், சாதாரண வாட்ஸ்அப்புடன் ஒரே போனில் தடையின்றி இருக்கும். கோப்புகளும் தனி அடைவில் இருக்கும். இதையே தேர்ந்தெடுத்தேன். நிறுவனம் சாராத மாற்றுப் பதிப்புகளைச் சிலர் பரிந்துரைத்தார்கள். அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கே முடக்கப்படும் வாய்ப்பு உண்டு என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

செயலியைத் தேர்ந்தெடுப்பதைவிட, எந்த எண்ணை எதற்கு வைப்பது என்பதே அதிக யோசனை கேட்டது. பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் இருப்பது பழைய எண். கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் அதைத்தான் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய எண் தொழிலுக்கு, புதிய எண் வீட்டுக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய உரையாடல்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தனிக் கேள்வி. பிசினஸ் செயலியை நிறுவியதும், போனில் ஏற்கெனவே உள்ள வாட்ஸ்அப் எண்ணையே பயன்படுத்தலாமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் அந்த எண்ணோடு மொத்த உரையாடல்களும் பிசினஸுக்குப் போய்விடும். ஒரு எண் ஒரு நேரத்தில் இரண்டு செயலிகளில் ஒன்றில் மட்டுமே இருக்கலாம் என்பதால், சாதாரண வாட்ஸ்அப் வெறுமையாகிவிடும். அம்மாவின் குரல் பதிவுகளும் குடும்பக் குழுக்களின் பல ஆண்டுப் பேச்சும் தொழில் செயலியில் சிக்கிக்கொள்ளும்.

எனக்கோ நிலைமை நேர்மாறானது. கட்சிக்காரர்கள் அனுப்பும் ஆவணங்களை நான் அன்றன்றே கணினியில் அவரவர் பெயரிலுள்ள கோப்புறையில் சேமித்துவிடுவேன். அந்த உரையாடல்கள் புதிதாகத் தொடங்கினாலும் இழப்பு பெரிதல்ல. குடும்பப் பேச்சை மறுபடி உண்டாக்க முடியாது. எனவே, முதலில் சாதாரண வாட்ஸ்அப்பில் Change number வசதியின் மூலம் கணக்கைப் புதிய எண்ணுக்கு மாற்றுவது, அதன்பின் விடுபட்ட பழைய எண்ணைப் பிசினஸில் புதுக் கணக்காகப் பதிவு செய்வது என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணை மாற்றும்போது உரையாடல்கள் அதே போனில் அப்படியே நிற்கும். குழு உறுப்பினர் நிலையும் புதிய எண்ணோடு கூடவே வரும்.

இங்கேதான் கவனம் தேவை. எண் மாற்றத்தை யாருக்குத் தெரிவிப்பது என்று செயலி கேட்கிறது. எல்லாத் தொடர்புகளுக்கும், பேசியவர்களுக்கு மட்டும், நாமே தேர்ந்தெடுப்பவர்களுக்கு என விருப்பங்கள் உள்ளன. நான் உறவினர்களையும் நண்பர்களையும் மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஆனால் நாம் என்ன தேர்ந்தெடுத்தாலும், நாம் இருக்கும் குழுக்கள் அனைத்துக்கும் எண் மாறிய செய்தி தானாகவே போய்விடும். கட்சிக்காரர்களின் குழுக்களில் இருந்தபடியே மாற்றினால், வீட்டுக்கென்று வாங்கிய எண் அன்றைக்கே அவர்கள் அத்தனை பேர் கையிலும் இருக்கும். பிரித்ததன் நோக்கமே கெட்டுவிடும்.

ஆகவே எண்ணை மாற்றுவதற்கு முன்னால் தொழில் குழுக்கள் ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறினேன். நான் உருவாக்கிய குழுக்களில் என் உதவியாளரை முதலில் நிர்வாகியாக்கினேன். அப்படிச் செய்யாமல் ஒரே நிர்வாகி வெளியேறினால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப்பே நிர்வாகியாக்கிவிடும், பின்னர் மீண்டும் சேர அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும். மற்றவர்கள் நடத்தும் குழுக்களில், பிறகு இதே எண்ணில் சேர்த்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இந்த வேலைதான் அதிக நேரம் பிடித்தது. தாக்கல் தேதிகள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கியது நல்லதாயிற்று.

எண்ணை மாற்றுவது அதன்பின் சிறிய வேலை. முதலில் காப்புப் பிரதி ஒன்று எடுத்தேன். இரண்டு சிம்களும் போனில் இருந்தன. Settings, Account, Change number என்று சென்று, பழைய எண், புதிய எண் இரண்டையும் இட்டேன். புதிய எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு வந்தது, இட்டதும் மாறிவிட்டது. குடும்பக் குழுக்களில் எண் மாறிய அறிவிப்பு தெரிந்தது, பேச்சுகள் எதுவும் குறையவில்லை. அடுத்து பிசினஸ் செயலியைத் திறந்தபோது, போனில் இருக்கும் வாட்ஸ்அப் எண் என்று அது முன்வைத்தது புதிய எண்ணை. அதை ஏற்காமல், வேறு எண்ணைப் பயன்படுத்தும் விருப்பத்தைத் தொட்டுப் பழைய எண்ணை இட்டேன். பெரிதாகத் தெரியும் பொத்தானை அவசரத்தில் அழுத்திவிட்டால், இப்போதுதான் மாற்றிய குடும்பக் கணக்கு முழுதும் பிசினஸுக்குள் போய்விடும் என்பதால், திரையில் காட்டும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்துப் பார்த்துவிட்டே தொடர வேண்டும்.

கட்சிக்காரர்களின் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. அதே எண், அதே உரையாடல், நான் வணிகக் கணக்கு என்ற குறிப்பு மட்டும் புதிது. என் பக்கத்தில் ஒரு சிக்கல் மீதம் இருந்தது. அவர்களுடனான பழைய உரையாடல்கள் இன்னும் வீட்டு வாட்ஸ்அப்பில்தான் கிடந்தன. அவற்றில் ஒன்றைத் திறந்து பழக்கத்தில் ஒரு வரி தட்டச்சு செய்தால், அது புதிய எண்ணிலிருந்து போய்ச் சேரும். தேவைப்படும் உரையாடல்களை Export chat மூலம் எழுத்துக் கோப்பாக மின்னஞ்சலுக்கு எடுத்துவிட்டு, பிறகு அவற்றை அழித்தேன். இப்படி எடுக்கும் கோப்பில் படங்கள் இல்லாமல் 40,000 செய்திகள் வரையும், படங்களுடன் 10,000 செய்திகள் வரையும் அடங்கும். அது படித்துப் பார்க்க மட்டுமே பயன்படும், மீண்டும் வாட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியாது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டு செயலிகளும் போனின் ஒரே தொடர்புப் பட்டியலைப் படிப்பதால், கட்சிக்காரர்களின் பெயர்கள் வீட்டு வாட்ஸ்அப்பிலும் தெரியத்தான் செய்கின்றன. தொழில் தொடர்புகள் அனைத்தின் பெயருக்கு முன்னும் நிறுவனத்தின் சுருக்கத்தைச் சேர்த்தேன். கேலரியிலிருந்து எதையாவது பகிரும்போது, தொடப்போகும் பெயர் கட்சிக்காரருடையதா என்பதை அது உடனே காட்டிக்கொடுக்கிறது. வாட்ஸ்அப் இணைப்பு எதையாவது தொட்டு, எந்தச் செயலியில் திறக்க வேண்டும் என்று போன் கேட்டால், எப்போதும் என்பதைத் தொடாமல் இந்த முறை மட்டும் என்பதைத் தொடுகிறேன். பான் அட்டைகள் கேலரிக்கு வராமலிருக்க, பிசினஸில் Settings, Chats என்ற இடத்தில் Media visibility வசதியை அணைத்தேன். இது அதற்குப் பின் வரும் படங்களுக்கு மட்டுமே பொருந்தும், ஏற்கெனவே கேலரியில் இருந்தவற்றை நானே தேடி அழித்தேன்.

அலுவலகக் கணினியில் பிசினஸ் கணக்கை மட்டுமே இணைத்தேன். உதவியாளர் அதைத் திறந்து வேலை செய்யும்போது என் வீட்டுச் செய்திகள் அவர் கண்ணில் படுவதில்லை. முன்பு இது எனக்கும் அவருக்கும் சங்கடமாகவே இருந்தது. அலுவலக நேரம் முடிந்த பின் செய்தி அனுப்புபவர்களுக்கு மறுநாள் பதில் தருவதாகச் சொல்லும் Away message இருக்கிறது. போன் இணையத்தில் இருந்தால்தான் அது போகும்.

காப்புப் பிரதியை இரண்டு செயலிகளுக்கும் வேறு வேறு கூகுள் கணக்குகளில் வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப் பிரதிகள் இப்போது கூகுள் தரும் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்கிடப்படுகின்றன. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்திருந்து, வீட்டு வீடியோக்கள் அதை நிரப்பிவிட்டால் தொழில் பக்கத்தின் காப்பும் நின்றுவிடும். எண் மாறியபின் பழைய எண்ணில் எடுத்த பிரதி புதிய எண்ணுக்கு உதவாது என்பதால், வீட்டுப் பக்கத்தில் அன்றே புதிய பிரதி எடுத்தேன். தொழில் பக்கத்துக்குக் கடவுச்சொல்லுடன் கூடிய மறையாக்கத்தையும் இயக்கினேன். கடவுச்சொல் மறந்தால் அந்தப் பிரதியைத் திறக்க வழியே இல்லை, ஆகவே அது வீட்டு அலமாரியில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கணக்குகளுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண் வெவ்வேறாக உள்ளது.

புதிய சிம்மில் பேசுவது குறைவு. ப்ரீபெய்டு எண்ணை 90 நாட்கள் எதற்கும் பயன்படுத்தாமல் விட்டால் அது துண்டிக்கப்படலாம், பின்னர் வேறொருவருக்குப் போகலாம். அவர் அதில் வாட்ஸ்அப் பதிவு செய்தால் என் கணக்கு என்னிடமிருந்து போய்விடும். மேலும் செய்திச் செயலிகள், பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. ஆகவே சிம்மைக் கழற்றி வைக்காமல் போனிலேயே விட்டு, ரீசார்ஜ் தேதியை ஜிஎஸ்டி தாக்கல் தேதிகள் இருக்கும் அதே நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.