வரவேற்புரையின் முதல் வரி

குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதச் சொன்னார்கள். முதல் வரியிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.

முதலில் "வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஸ்தோத்திரம்" என்று வரிசையாக எழுதினேன். படித்துப் பார்த்தால் வருகைப் பதிவேடு வாசிப்பது போல இருந்தது. பெயர் விட்டுப்போனவர் என்ன நினைப்பார்? ஸ்தோத்திரம்கூட எல்லாக் கிறிஸ்தவர்களும் சொல்வதில்லை.

சரி, வணக்கம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'வணங்கு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. வணங்குவது இறைவனை மட்டும்தான் என்பதால் முஸ்லிம்களில் சிலர் அதைச் சொல்லத் தயங்குவார்கள். இயல்பாகச் சொல்பவர்களும் நிறைய உண்டு. மூன்றாம் மாடி பாயிடமே கேட்டேன். "நீங்க சொல்லுங்க தம்பி, அதுல ஒண்ணுமில்ல. 'சத்தமா திருப்பிச் சொல்லுங்க'ன்னு மைக்ல கேக்காம இருந்தா சரி" என்றார். உண்மைதான். சொல்லைவிட, பதில் கேட்டு வற்புறுத்துவதுதான் சங்கடம். 'சத்தமா திருப்பிச் சொல்லுங்க' என்று நானும் எழுதி வைத்திருந்த வரியை அடித்தேன்.

அப்புறம் "பெரியோர்களே, தாய்மார்களே". கல்லூரிக்குப் போகும் பெண் இதில் எங்கே உட்காருவாள்? அதையும் அடித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: "அனைவருக்கும் வணக்கம். வாங்க, உட்காருங்க."

இந்த "வாங்க" எல்லா வீட்டு வாசலிலும் புழங்கும் சொல். துக்க வீட்டில் மட்டும் பலர் அதைச் சொல்வதில்லை. கிளம்பும்போது "வரேன்" என்பதும் இல்லை. அங்கே கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பதுதான்.