மாதாமாதம் 2பி ஃபைலைச் சுத்தம் செய்து அடுக்கும் வேலை: என் இடத்துக்கு வருபவருக்கு

இந்த வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்குமா தெரியவில்லை, அதனால் ஆடிட்டருக்குப் போகிற கொள்முதல் ரிப்போர்ட்டை மாதாமாதம் எப்படித் தயார் செய்கிறேன் என்று எழுதி வைக்கிறேன். பேங்க் ஸ்டேட்மென்ட், குரியர் நோட்டு, ஸ்டாக் ஷீட் எல்லாம் பழைய ஃபைலைப் பார்த்தாலே புரிந்துவிடும். இது ஒன்றுதான் பார்த்தால் சுலபமாகத் தெரியும், ஆனால் உள்ளே இறங்கினால் காலை வாரும்.

வேலை என்னவென்றால், இரண்டு இடத்திலிருந்து ஃபைல் எடுக்கிறோம். ஒன்று டேலியில் இருக்கும் நம் கொள்முதல் பதிவேடு, அதாவது நாம் வாங்கியதாக நாம் எழுதியது. இன்னொன்று ஜிஎஸ்டி தளத்திலிருந்து 2பி, அதாவது நமக்கு விற்றதாக சப்ளையர்கள் அரசிடம் சொன்னது. இரண்டையும் பில் வாரியாக ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். சப்ளையர்கள் மாதாமாதம் தாக்கல் செய்ய 11ஆம் தேதி கெடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சின்ன சப்ளையர்கள் விருப்பப்பட்டால் 13ஆம் தேதிக்குள் பில்களை ஏற்றலாம், 14ஆம் தேதி 2பி வந்துவிடும். நம் மாத வரிக் கணக்கான 3பியைத் தாக்கல் செய்ய வேண்டியது 20ஆம் தேதிக்குள். ஆடிட்டர் ஆபீஸில் 18ஆம் தேதியே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், ஆக நம் கையில் இருப்பது நடுவில் உள்ள சில நாள்தான்.

முதலில் இறக்குகிற ஃபைலைப் பற்றி. இறக்கியதும் அதைத் திறக்கக்கூட வேண்டாம், அப்படியே `raw` ஃபோல்டரில் போட்டு, ஃபைலின் பண்புகளில் போய் ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். வேலை செய்வதெல்லாம் நகலில்தான். 2பி எக்செலாகவே வரும், டேலியிலிருந்தும் எக்செலாக எடுக்கலாம், ஆனால் நம் கிளைக் கடையின் பில்லிங் சாஃப்ட்வேர் சிஎஸ்வி மட்டும்தான் தரும். அந்த சிஎஸ்வியை இரட்டை கிளிக் செய்து திறந்தால் வேலை கெட்டது. சப்ளையரின் பில் எண் 5/11 என்று இருந்தால் எக்செல் அதை நவம்பர் 5 என்று எடுத்துக்கொள்ளும். 00117 என்பது 117 ஆகிவிடும். ஈ-வே பில் எண் 12 இலக்கம், அது 3.91E+11 மாதிரி தெரியும். இதில் கடைசியாகச் சொன்னது பார்வைக்கு மட்டும்தான், செல்லின் ஃபார்மட்டை மாற்றினால் எண் திரும்ப வந்துவிடும். முதல் இரண்டும் அப்படி இல்லை. அப்படியே சேவ் செய்துவிட்டால் பழைய எண் ஃபைலிலேயே இருக்காது, மறுபடி மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதனால் வெறும் எக்செலைத் திறந்து, `Data` போய், `From Text/CSV` கொடுத்து, `Data Type Detection` என்ற இடத்தில் `Do not detect data types` தேர்ந்தெடுங்கள். எல்லாம் எழுத்தாகவே உள்ளே வரும். அப்புறம் தொகை உள்ள பத்திகளை மட்டும் நீங்களே எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே கெட்டுப்போன ஃபைல் யாராவது அனுப்பினால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பில் எண் பத்தியில் எழுத்தாக இருப்பவை இடப்பக்கம் ஒட்டியிருக்கும், எண்ணாகவோ தேதியாகவோ மாறியவை வலப்பக்கம் ஒட்டியிருக்கும். கீழே சொல்லப்போகிற ஃபார்முலாவில் பில் எண் வரவேண்டிய இடத்தில் 45966 என்று வந்து நின்றால், அது எக்செல் கணக்கில் 2025 நவம்பர் 5. அந்த பில் எண் 5/11 ஆகவோ 5-11 ஆகவோ இருந்திருக்கும்.

தேதியிலும் இதே வம்பு. விண்டோஸில் ரீஜன் அமெரிக்காவாக இருந்தால் 05/11/2025 என்பது மே 11 ஆகிவிடும், 25/11/2025 மட்டும் மாதம் 25 கிடையாது என்பதால் எழுத்தாகவே தங்கிவிடும். ஒரே பத்தியில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் என்று பார்த்தால் இதுதான் காரணம். மாறிவிட்ட தேதிகளைத் தனித்தனியாகத் திருத்த உட்காராதீர்கள், ரீஜனை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு மூல ஃபைலை மறுபடி எடுங்கள். உங்கள் மெஷினில் நான் மாற்றி வைத்திருக்கிறேன், சிஸ்டம் ஃபார்மட் செய்தால் மட்டும் ஞாபகமாகப் பாருங்கள்.

டேலியில் ஒன்றே ஒன்று. பதிவேட்டில் சும்மா தெரிகிற வவுச்சர் எண் நம் ஆபீஸ் வரிசை எண், சப்ளையரின் பில் எண் அல்ல. சப்ளையர் இன்வாய்ஸ் எண், தேதி, ஜிஎஸ்டிஎன் எண் மூன்றும் பத்திகளாக வரும்படி வைத்துவிட்டுத்தான் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வவுச்சர் எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தாது, அதிலேயே தெரிந்துவிடும்.

இனி சுத்தம் செய்வது. 2பியில் `B2B` ஷீட்டின் மேலே தலைப்பு வரிகளும் ஒட்டிய செல்களும் இருக்கும், நகலில் அவற்றை நீக்கி ஒரே தலைப்பு வரி ஆக்குங்கள். சப்ளையர் அனுப்பிய கிரெடிட் நோட் `B2B-CDNR` என்ற வேறு ஷீட்டில் இருக்கும், அதில் தொகை கழித்தல் குறி இல்லாமல் கூட்டல் எண்ணாகவே இருக்கும். நோட் வகையைப் பார்த்து கிரெடிட் என்றால் கழித்தலாக மாற்றி, டெபிட் என்றால் அப்படியே, கீழே சேர்க்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடையாளம் உண்டாக்குகிறோம். A-யில் ஜிஎஸ்டிஎன், C-யில் பில் எண், அடையாளம் K-யில், வரிக்கு முந்தைய தொகை L-இல்:

```
=UPPER(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")))&"|"&
 UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(C2,CHAR(160),"")," ",""))
```

`CHAR(160)` எதற்கென்றால், வெப் பக்கத்திலிருந்து ஒட்டினால் வருகிற ஒரு மாதிரியான இடைவெளி அது, கண்ணுக்கு சாதாரண ஸ்பேஸ் போலவே இருக்கும், `TRIM` அதைத் தொடாது. ஜிஎஸ்டிஎன் 15 எழுத்து இருக்கிறதா என்று `LEN` போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாடு 33, அடுத்த பத்தும் பான் எண். பானில் முதல் ஐந்தும் கடைசியும் எழுத்து, நடுவில் நான்கு எண். அந்த நான்கில் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக ஓ என்ற எழுத்தை அடித்திருந்தால் 15 சரியாகவே வரும், ஆனால் பொருந்தாது. பொருந்தாதவற்றில் முதலில் இதைத்தான் தேடுவேன்.

பில் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா, எதற்கு ஜிஎஸ்டிஎன்னையும் ஒட்டுகிறோம் என்று கேட்பீர்கள். நான் லீவில் இருந்த ஒரு மாதம் வேலையைப் பார்த்தவர், இரண்டு தடவை வந்த வரிகளை எடுக்கிறேன் என்று பில் எண் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து `Remove Duplicates` அழுத்திவிட்டார். மூலத்தில் வரிக்கு முந்தைய மொத்தம் 18,64,250. சுத்தம் செய்த ஷீட்டில் 18,22,250. வித்தியாசம் 42,000. இப்படி வரும்போது மூலத்தில் 42,000 என்ற தொகையையே தேடுங்கள், பல நேரம் ஒரே பில்லாகக் கிடைத்துவிடும். அங்கேயும் கிடைத்தது. பெயிண்ட் சப்ளையர் பில் எண் 117, குழாய் சப்ளையர் பில் எண்ணும் 117, இரண்டாவதை எக்செல் நீக்கியிருந்தது. 18 சதவீதத்தில் 7,560 ரூபாய் வரி, நம் புத்தகத்தில் இருந்தும் ஷீட்டில் இல்லாமல் போயிருக்கும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்திராவிட்டால் ஆடிட்டர் "2பியில் இருக்கிறது, நீங்கள் எழுதவில்லையே" என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஆகவே `Remove Duplicates` வேண்டவே வேண்டாம். `=COUNTIFS(K:K,K2)` போட்டு ஒன்றுக்கு மேல் வருபவற்றைக் கண்ணால் பாருங்கள். ஒரே பில்லில் 5 சதவீதம், 18 சதவீதம் என இரண்டு விகிதம் இருந்தால் டேலி பக்கம் நியாயமாகவே இரண்டு வரி வரும். பிவட் போட்டு அடையாளத்துக்கு ஒரு வரியாகச் சுருக்கிய பிறகு ஒப்பிடலாம். இதையும் கவனியுங்கள்: `COUNTIF` வகை ஃபார்முலாக்கள் எழுத்தாக இருக்கும் 007-ஐயும் 7-ஐயும் ஒன்றாகவே எண்ணும். ஜிஎஸ்டிஎன் ஒட்டியிருப்பதால் அந்தச் சிக்கலும் நமக்கு இல்லை.

ஒப்பிடுவது ஒரே ஃபார்முலா:

```
=SUMIFS('2B'!L:L,'2B'!K:K,K2)-L2
```

பூஜ்ஜியம் வந்தால் பொருந்திவிட்டது. ஒரு ரூபாய் வரை முன்பின் இருந்தால் ரவுண்டிங், விட்டுவிடலாம். பில் தொகையே கழித்தலாக வந்தால் அந்த பில் 2பியில் இல்லை. ஆனால் உடனே சப்ளையருக்கு போன் போடாதீர்கள். நம் டேட்டா என்ட்ரியில் 117 என்று அடித்திருப்பார்கள், அவர் SE/0117/25-26 என்று ஏற்றியிருப்பார். அதே ஜிஎஸ்டிஎன், அதே தொகை, அதே தேதி இருக்கிறதா என்று ஃபில்டர் போட்டுப் பாருங்கள், இருந்தால் டேலியில் பில் எண்ணைத் திருத்தச் சொல்லிவிடுங்கள். ஷீட்டில் மட்டும் திருத்தினால் அடுத்த தடவை எக்ஸ்போர்ட்டில் மறுபடி அதே வரும். இதே ஃபார்முலாவை 2பி பக்கத்திலிருந்தும் திருப்பிப் போட வேண்டும், நாம் எழுதாமல் விட்ட பில்கள் அப்போதுதான் வெளியே வரும்.

உண்மையிலேயே 2பியில் இல்லாதவை `pending` ஷீட்டுக்குப் போகும். சப்ளையர் கெடு தாண்டித் தாக்கல் செய்திருந்தால் அடுத்த மாத 2பியில் வந்துவிடும், காலாண்டு சப்ளையர் என்றால் காலாண்டு முடிந்து வரலாம். ஒவ்வொரு மாதமும் புது 2பி வந்ததும் முதலில் அந்த ஷீட்டைத்தான் ஓட்டிப் பார்ப்பேன். 2025-26 பில்களில் நாம் கொடுத்த வரியைக் கழிவாக எடுத்துக்கொள்ள 2026 நவம்பர் 30 கடைசி, ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அதுவரைதான். அதனால் நிதியாண்டு பத்தியை அழித்துவிடாதீர்கள், ஏப்ரலில் பில் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும்போது அது இல்லாமல் பிரிக்க முடியாது.

அடுக்குவதில் பெரிதாக ஒன்றுமில்லை, பெயர் மட்டும் இப்படி இருக்கட்டும்:

```
2025-26/2025-11/raw/2025-11_2B_dl-2025-12-14.xlsx
2025-26/2025-11/clean/2025-11_match.xlsx
```

`dl` இறக்கிய தேதி. அது ஏன் முக்கியம் என்றால், 14ஆம் தேதிக்குப் பிறகு ஆடிட்டர் தளத்தில் ஏதாவது பில்லை நிராகரித்தாலோ நிலுவையில் வைத்தாலோ 2பியை மறுபடி கணக்கிடச் செய்வார்கள், அப்போது நம்மிடம் இருப்பது பழையது. 3பி போடும் முன் ஒருமுறை கேட்டுவிட்டு, மாறியிருந்தால் புதிதாக இறக்குங்கள். பழைய ஃபைலின் மேல் சேவ் செய்யாதீர்கள், இரண்டும் இருக்கட்டும். `final`, `final2`, `new final` என்று பெயர் வைக்கிற வழக்கத்தை இங்கே நான்தான் ஒழித்தேன், தயவுசெய்து திரும்பக் கொண்டுவராதீர்கள். ஆண்டுக் கணக்கின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், 2025-26 ஃபோல்டர் என்றால் 2032 டிசம்பர் 31 வரை. இடம் போதவில்லை என்று யாராவது அழிக்கச் சொன்னால் ஆடிட்டரிடம் கேட்காமல் அழிக்காதீர்கள். மாத வேலை முடிந்ததும் அந்த மாத ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் போடுங்கள், டிஸ்க் அக்கவுன்டன்ட் அண்ணன் டிராயரில் இருக்கும்.

இப்போது `pending` ஷீட்டில் மூன்று பில் மிச்சம். இரண்டு காலாண்டு சப்ளையர்கள், தானாக வரும். மூன்றாவது டிரான்ஸ்போர்ட்காரருடையது, நம் ஜிஎஸ்டிஎன் போடாமல் பில் அடித்திருக்கிறார், அது எத்தனை மாதம் காத்திருந்தாலும் 2பியில் வராது. திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமை முதல் வேலையாக அவருக்கு போன் போடுங்கள்.