செக் திரும்பினால் முப்பது நாள் காத்திருக்காதீர்கள்: ரெயூனியனிலிருந்து ஒரு புதுச்சேரி வழக்கு

புதுச்சேரியில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்து, விற்பவர் பேச்சு மாறியதால் கிரயம் நின்றுபோனது. முன்பணமான ஆறு லட்சத்துக்கு அவர் 2024 ஜனவரி 5 தேதியிட்ட காசோலை ஒன்றை என் பெயருக்குக் கொடுத்தார். என் மைத்துனர் அதை அங்கே என் என்.ஆர்.ஓ. கணக்கில் போட்டார். ஜனவரியிலேயே திரும்பி வந்தது. "அறுவடைப் பணம் வரட்டும், மறுபடி போடுங்கள்" என்றார் மனிதர். மார்ச் கடைசியில் மறுபடி போட்டோம். "போதிய நிதி இல்லை" என்று மறுபடியும் திரும்பியது.

இப்படி இரண்டாம் முறை போடுவதில் தவறில்லை. காசோலைக்கு அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் ஆயுள். அதற்குள் எத்தனை முறையும் போடலாம். முதல் முறை திரும்பியபோது நோட்டீஸ் விடாவிட்டாலும் கடைசியாகத் திரும்பியதை வைத்து வழக்குப் போடலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எங்கள் காசோலைக்கு ஏப்ரல் 4 வரை உயிர் இருந்தது. அதைத் தாண்டியிருந்தால் காசோலை வழக்கு என்ற பேச்சே கிடையாது. சிவில் வழக்கு மட்டும்தான் மிஞ்சும்.

செய்தி வந்த வாரம், நான் வசிக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தலைநகர் சேன் தெனியில் கோவிலில் பார்த்த நண்பர் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "முதலில் முப்பது நாள் பொறு. பிறகு வங்கியில் சான்றிதழ் வாங்கு. அமீனா மீதியைப் பார்த்துக்கொள்வார்." இந்தத் தீவுக்கு அது சரியான யோசனை. பிரெஞ்சுச் சட்டப்படி, காசோலையை முதலில் போட்டு முப்பது நாள் கடந்தும் பணம் வராவிட்டால் வங்கி செலுத்தாமைச் சான்றிதழ் தரும். நீதிமன்ற அதிகாரி அதைக் கொடுத்தவரிடம் சேர்ப்பிப்பார். பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் நீதிபதி முன் போகாமலே வசூலுக்கு உத்தரவு கிடைக்கும். இந்தியாவிலும் அதே முப்பது நாள் உண்டு, அதே பதினைந்து நாளும் உண்டு. ஆனால் அங்கே அந்த முப்பது நாள் காத்திருப்பதற்கு அல்ல. அதற்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நண்பர் பேச்சைக் கேட்டுப் பொறுத்திருந்தால், காசோலை வழக்குக்கு வழிவிடும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு என் கையை விட்டுப் போயிருக்கும்.

முப்பது நாள் எந்தத் தேதியிலிருந்து? இங்கேதான் வங்கிக்காரர்கள் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். காசோலை திரும்பியதாக மார்ச் 27 அன்று என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. காசோலை ஏன் திரும்பியது என்று வங்கி எழுதித் தரும் மெமோவைக் கேட்டு மைத்துனர் போனால், "கணக்கு வைத்திருப்பவர்தான் வர வேண்டும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். ரெயூனியனிலிருந்து நான் வர வேண்டுமாம்! மின்னஞ்சல், அனுமதிக் கடிதம், மேலாளரோடு தொலைபேசி என்று இழுத்தடித்து, ஏப்ரல் 8 அன்றுதான் மெமோவைக் கொடுத்தார்கள். அதிலும் வங்கி முத்திரை இல்லை. திரும்ப அனுப்பி வாங்கினோம்.

மெமோ கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணலாம் என்றுதான் மைத்துனர் நினைத்தார். வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் சொல்வது, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள். குறுஞ்செய்தியும் தகவல்தான் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால்? வம்பே வேண்டாம் என்று மார்ச் 27ஐயே தொடக்கமாக வைத்து, ஏப்ரல் 26ஐக் கடைசி நாளாகக் குறித்துக்கொண்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கிக் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

நோட்டீஸின் முதல் வரைவை வக்கீலின் ஜூனியர் எழுதினார். வட்டி, செலவு, மன உளைச்சல் எல்லாவற்றையும் கூட்டி "மொத்தம் ஆறு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் செலுத்துக" என்று இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. மூத்தவர் பார்த்ததும் அடித்துவிட்டார். கேட்க வேண்டியது காசோலைத் தொகை. வட்டி கேட்பதானால் தனி வரியில், தனித் தொகையாகக் கேட்கலாம். இரண்டையும் ஒரே தொகையாகக் குழைத்துக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். உங்கள் வக்கீலின் வரைவில் ஆறு லட்சம் என்ற எண் தனியாக நிற்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள்.

ஏப்ரல் 18 அன்று பதிவுத் தபாலில் போனது. ஒப்புகை அட்டை இன்றுவரை திரும்பி வரவில்லை. தபால் துறை இணையதளத்தில் ஏப்ரல் 22 அன்று சேர்ப்பிக்கப்பட்டதாகக் காட்டியது. அந்தப் பக்கத்தை உடனே அச்செடுத்து வைத்துக்கொண்டோம். சரியான முகவரிக்கு அனுப்பியது "வாங்க மறுத்தார்" என்று திரும்பினாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒளிந்துகொள்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஏப்ரல் 22க்குப் பிறகு பதினைந்து நாள், அதாவது மே 7 வரை, அவருக்கான அவகாசம். அதற்குள் புகார் கொடுத்தால் அது செல்லாது. மே 8 அன்று வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். ஆனால் அந்தச் சலுகை புகாருக்குத்தான். நோட்டீஸ் ஒரு நாள் பிந்தினாலும் கதை முடிந்தது.

அந்தப் பதினைந்து நாளை நாங்கள் வீணாக்கவில்லை. சேன் தெனியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் மைத்துனர் பெயருக்குப் பவர் எழுதிச் சான்று பெற்று அனுப்பினேன். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அதையும் உடனே முடித்தார். பவர் வைத்திருப்பவர் புகார் கொடுக்கலாம், சாட்சியும் சொல்லலாம். ஆனால் விவகாரம் அவருக்கு நேரடியாகத் தெரியும் என்பது புகாரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்பணத்தை எண்ணிக் கொடுத்ததும் காசோலையை வாங்கியதும் மைத்துனரே என்பதால் அந்த வரியை எழுதுவது எங்களுக்கு எளிதாக இருந்தது. விவகாரமே தெரியாத உறவினருக்குப் பவர் கொடுத்தால் குறுக்கு விசாரணையில் வழக்கு ஆடிப்போகும்.

ஒரு வீண் அலைச்சலும் உண்டு. காசோலை கடலூர்க் கிளையுடையது, ஆளும் கடலூர், ஆகவே கடலூரில்தான் போட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி மைத்துனர் ஒருநாள் அங்கே போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தார். 2015 திருத்தத்துக்குப் பிறகு, கணக்கு வழியாக வசூலுக்குப் போட்ட காசோலைக்கு, பெறுபவரின் கணக்கு இருக்கும் கிளை எந்த ஊரோ அந்த ஊர் நடுவர் நீதிமன்றம்தான். எங்களுக்குப் புதுச்சேரி. மே மாதக் கடைசியில் அங்கேயே தாக்கலானது.

சம்மன் போனதும் மனிதரின் குரலே மாறிவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் என்பதை அவருடைய வக்கீல் விளக்கியிருப்பார். வழக்கு நடக்கும்போதே இருபது சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு நாங்கள் மனு போட்டதும் சமரசம் பேச வந்தார். வேறொரு செக் தருகிறேன் என்றார். டி.டி.யாகக் கேட்டோம். அது கணக்கில் ஏறிய பிறகுதான் சமரச மனுவில் மைத்துனர் கையெழுத்திட்டார்.